முதல் வருஷம் ரூ.2,345... அடுத்த வருஷம் ரூ.12,962! வெப்சைட் ரினீவலில் எகிறும் பில் - தப்பிப்பது எப்படி?

கோவையில் ஒரு கல்யாண போட்டோகிராபர். இன்ஸ்டாகிராம் பக்கம் மட்டும் போதாது, சொந்தமாக ஒரு வெப்சைட் இருந்தால் பெரிய ஆர்டர்கள் வரும் என்று யாரோ சொல்ல, போன வருடம் ஆன்லைனில் ஒரு ஆஃபரைப் பிடித்தார். ‘.com டொமைன் ரூ.199, ஹோஸ்டிங் மாதம் ரூ.149 மட்டுமே’ என்றது விளம்பரம். கூடவே இமெயில் இலவசம், எஸ்எஸ்எல் இலவசம். ஜிஎஸ்டி சேர்த்து ரூ.2,345 கட்டினார். ‘அட, இவ்வளவுதானா’ என்று தோன்றியது.

சரியாக ஒரு வருடம் ஆனது. ஒரு நாள் காலையில் வங்கியிலிருந்து மெசேஜ்: ரூ.12,962 எடுக்கப்பட்டது. ஓடிபி எதுவும் கேட்கவில்லை. அதே டொமைன், அதே ஹோஸ்டிங், அதே இருபது போட்டோக்கள். பில் மட்டும் ஐந்தரை மடங்கு.

இது ஓர் உதாரணக் கணக்குதான். ஆனால் சிறு தொழிலுக்காகவோ, போர்ட்ஃபோலியோவுக்காகவோ வெப்சைட் வாங்கிய பலருக்கும் இந்தக் கதை பழக்கமானதாக இருக்கும். இதில் எது உண்மையான செலவு, எது தவிர்க்கக்கூடியது, எப்போது என்ன செய்தால் தப்பிக்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்...

முதல் வருட பில்லில் இரண்டே வரிகள். டொமைன் ரூ.199, ஹோஸ்டிங் 12 மாதத்துக்கு ரூ.1,788. மொத்தம் ரூ.1,987. அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.2,345.

இரண்டாம் வருட பில்லில் ஐந்து வரிகள்:

- டொமைன்: ரூ.1,499
- ஹோஸ்டிங், மாதம் ரூ.449 வீதம்: ரூ.5,388
- டொமைன் பிரைவசி: ரூ.599
- பிசினஸ் இமெயில், ஒரு கணக்கு: ரூ.1,500
- எஸ்எஸ்எல் சான்றிதழ்: ரூ.1,999

கூட்டினால் ரூ.10,985. ஜிஎஸ்டியோடு ரூ.12,962.

இங்கே நடந்தது ஒரு விஷயம் அல்ல, இரண்டு விஷயங்கள். ஒன்று, டொமைனும் ஹோஸ்டிங்கும் சலுகை விலையிலிருந்து வழக்கமான விலைக்கு மாறிவிட்டன. இரண்டாவது, ‘இலவசம்’ என்று கூடவே வந்த மூன்று சேவைகள் இப்போது காசு கேட்கின்றன. மேலே உள்ள பில்லில் இந்த மூன்று மட்டுமே வரி இல்லாமல் ரூ.4,098. பலரும் டொமைன் விலையைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். ஆனால் பில்லை வீங்க வைப்பது பெரும்பாலும் ஹோஸ்டிங்கும் இந்த ‘இலவசங்களும்’தான்.

ரூ.199-க்கு ஒரு .com எப்படிக் கொடுக்க முடிகிறது?

கொடுக்க முடியாது என்பதுதான் உண்மை. நஷ்டத்தில்தான் கொடுக்கிறார்கள்.

உலகில் உள்ள எல்லா .com பெயர்களின் பதிவேட்டையும் நிர்வகிப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். நாம் டொமைன் வாங்கும் கம்பெனிகள், அதாவது ரெஜிஸ்ட்ரார்கள், அதன் சில்லறை விற்பனையாளர்கள் மாதிரி. ஒவ்வொரு .com பெயருக்கும் வருடத்துக்கு ஒரு மொத்த விலையை அவர்கள் வெரிசைனுக்குக் கட்ட வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் அந்த விலை 10.26 டாலர். உலக அளவில் டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்புக்குத் தனியாக 20 சென்ட். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் ரூ.920. இது முதல் வருடத்துக்கும் ஒன்றுதான், பத்தாவது வருடத்துக்கும் ஒன்றுதான்.

ஆக, ரூ.199-க்கு விற்கும்போது ஒவ்வொரு டொமைனிலும் கம்பெனிக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் கைப்பிடிக்கும். அதை விளம்பரச் செலவாக நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். அடுத்தடுத்த வருடங்களில் ரினீவல் வழியாகத் திரும்பி வரும் என்பது கணக்கு. விசிட்டிங் கார்டு, கடை போர்டு, கூகுள் மேப்ஸ் என எல்லா இடத்திலும் அந்தப் பெயரைப் போட்ட பிறகு, யார் அதைக் கைவிடப் போகிறார்கள்?

இந்த மொத்த விலை நமக்கு ஓர் அளவுகோல். .com ரினீவலுக்கு வரி இல்லாமல் ரூ.1,000 முதல் ரூ.1,200 வரை கேட்டால் அது நியாயமான லாபம். ரூ.1,500-ஐத் தாண்டினால், நீங்கள் மாறமாட்டீர்கள் என்ற நம்பிக்கைக்கு வைத்த விலை.

.com-க்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. வெரிசைன் நினைத்தபடி மொத்த விலையை ஏற்ற முடியாது. ஆறு வருட ஒப்பந்தக் காலத்தில், கடைசி நான்கு வருடங்களில் மட்டும், வருடத்துக்கு அதிகபட்சம் 7% ஏற்றலாம். ஆனால் .online, .store, .xyz போன்ற புதிய வகைப் பெயர்களுக்கு இப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. முதல் வருடம் ரூ.99-க்குக் கிடைக்கும் ஒரு .store பெயர், ரினீவலில் .com-ஐவிடப் பல மடங்கு கேட்பது சகஜம். மலிவு என்று இவற்றை எடுப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஹோஸ்டிங் விளம்பரத்தில் உள்ள ‘மாதம்’

ஹோஸ்டிங்குக்கு இப்படி ஒரு பொதுவான மொத்த விலை கிடையாது. சர்வர் இடத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி விலை வைக்கலாம். அதனால் சலுகை விலைக்கும் ரினீவல் விலைக்குமான இடைவெளி இங்கேதான் மிகப் பெரியது. மூன்று மடங்கு வித்தியாசம் சாதாரணம்.

‘மாதம் ரூ.149’ என்று பெரிய எழுத்தில் இருப்பது பல நேரங்களில் 36 அல்லது 48 மாதத் தொகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் மட்டும் கிடைக்கும் விலை. ஒரு வருடத்துக்கு எடுத்தால் அதுவே கூடிவிடும். ஒரே ஒரு மாதத்துக்கு என்றால் இன்னும் கூடும். நான்கு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவது கணக்குப்படி லாபமாக இருக்கலாம். ஆனால் சர்வர் மந்தமாக இருந்தாலோ, ஆறு மாதத்தில் உங்களுக்கு வெப்சைட்டே தேவைப்படாமல் போனாலோ பணம் திரும்ப வராது. ‘பணம் வாபஸ்’ வாக்குறுதி பெரும்பாலும் முதல் 30 நாட்களுக்குத்தான்.

வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம்

கார்ட் பக்கத்தில் பெரிய விலைக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘Renews at’ என்று தொடங்கும். அதுதான் நிஜ விலை. அந்த வரி கண்ணில் படாவிட்டால் விதிமுறைகள் பக்கத்தில் தேடுங்கள். டொமைன் பதிவு செய்யும்போது ரினீவல் கட்டணத்தை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது .com போன்ற பெயர்களை விற்கும் ரெஜிஸ்ட்ரார்களுக்கு ஐகான் போட்டிருக்கும் விதி. எனவே எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

ஒப்பிடும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள். மூன்று வருட மொத்தத்தைப் போடுங்கள். முதல் வருட விலையுடன் ரினீவல் விலையை இரண்டு முறை கூட்டினால் போதும். நம் உதாரணத்தில் ரூ.199 டொமைன் மூன்று வருடத்துக்கு ரூ.3,197 ஆகிறது. சலுகையே இல்லாமல் ஒவ்வொரு வருடமும் ரூ.1,050 வாங்கும் கம்பெனியில் அதே பெயர் ரூ.3,150. மூன்றாவது வருடத்துக்கான பணம் கட்டும்போதே ‘ஆஃபர்’ கரைந்துபோய், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ரூ.449 கூடுதலாகப் போகிறது. tld-list.com போன்ற தளங்களில் ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் பதிவு, ரினீவல், டிரான்ஸ்ஃபருக்கு என்ன வாங்குகிறார்கள் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். கிளவுட்ஃப்ளேர் மாதிரி சிலர், லாபம் வைக்காமல் மொத்த விலைக்கே டொமைன் கொடுக்கிறார்கள். பதிலுக்கு அவர்களுடைய நேம்சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

கூடவே வரும் ‘இலவசங்களில்’ எது தேவை? எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ஒரு சாதாரண வெப்சைட் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற சேவை இலவசமாகவே வழங்குகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் கம்பெனிகளில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். டொமைன் பிரைவசியையும் பல ரெஜிஸ்ட்ரார்கள் எப்போதும் இலவசமாகத் தருகிறார்கள். இமெயிலுக்கு மட்டும் யோசித்து முடிவெடுக்கலாம். ஹோஸ்டிங்குடன் வரும் மெயில்பாக்ஸ் சின்ன அளவுக்குப் போதும். ஆனால் தினமும் கொட்டேஷன் அனுப்பும் தொழில் என்றால், மெயில் ஸ்பாமில் விழாமல் இருக்கத் தனி இமெயில் சேவை நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், டொமைனை ஒரு இடத்திலும் ஹோஸ்டிங்கை வேறு இடத்திலும் வாங்குவது. இரண்டும் ஒரே கையில் இருந்தால், ஹோஸ்டிங் விலை பிடிக்காமல் கிளம்பும்போது டொமைனும் சிக்கிக்கொள்ளும். தனித்தனியாக இருந்தால் ஹோஸ்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெயர் உங்களிடமே இருக்கும்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, இப்போ என்ன செய்ய?

ரினீவல் தேதிக்கு 60 நாள் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். சில கம்பெனிகள் காலாவதி தேதிக்கு இரண்டு வாரம், ஒரு மாதம் முன்பே கார்டிலிருந்து பணத்தை எடுத்துவிடுகின்றன. கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டால் பயனில்லை.

1. பெயர் யார் பெயரில் இருக்கிறது? lookup.icann.org தளத்தில் டொமைனை டைப் செய்தால் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று தெரியும். அந்த ரெஜிஸ்ட்ரார் கணக்கின் லாகின் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சைட் பண்ணிக் கொடுத்த தம்பிதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டார்’ என்றால் சிக்கல். ரினீவல் மெயில் எல்லாம் அவருக்குத்தான் போகும். டொமைனும் விதிப்படி அவருடையதாகவே பதிவாகியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆனால் உரிமையாளர் பெயரையோ இமெயிலையோ மாற்றினால், அதன் பிறகு 60 நாட்களுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற முடியாதபடி பூட்டு விழலாம். அப்படியானால் இந்த வேலையை இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

2. ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சாட்டில் போய், ‘ரினீவல் விலை அதிகம், மாறப்போகிறேன்’ என்று சொல்லுங்கள். ஹோஸ்டிங்குக்குப் பல கம்பெனிகள் ஏதாவது தள்ளுபடி கொடுக்கும். கொடுத்தால், அது இந்த ஒரு வருடத்துக்கு மட்டுமா என்று கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேண்டாத பிரைவசி, எஸ்எஸ்எல் போன்றவற்றின் ஆட்டோ ரினீவலை அப்போதே அணைத்துவிடலாம்.

3. முதலில் சைட்டை மாற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கிலிருந்து ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து, புது இடத்தில் ஏற்றிச் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய மெயில்கள் பழைய சர்வரில்தான் இருக்கும். அவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சைட்டை மட்டும் மாற்றிவிட்டு ஹோஸ்டிங்கை மூடுவார்கள், மூன்று வருட மெயிலும் போய்விடும்.

4. அடுத்து டிஎன்எஸ். சைட் எங்கே, மெயில் எங்கே என்று வழிகாட்டும் பதிவுகள் இவை. A, CNAME, MX, TXT என்று நான்கைந்து வரிகள் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்துப் புதிய டிஎன்எஸ் சேவையில் போட்டு, A பதிவில் மட்டும் புது சர்வரின் முகவரியைக் கொடுத்து, நேம்சர்வரை மாற்றுங்கள். இமெயிலும் புது இடத்துக்கு மாறுகிறது என்றால் MX, TXT பதிவுகளிலும் அவர்கள் தரும் விவரங்களைப் போட வேண்டும். MX வரியை மறந்தால் சைட் நன்றாக ஓடும், மெயில் மட்டும் வராது. ‘ஏன் இரண்டு நாளா ஒரு என்கொயரியும் வரல?’ என்று பிறகுதான் உறைக்கும். மாற்றியவுடன் வேறொரு ஜிமெயிலிலிருந்து உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள்.

5. கடைசியாக டொமைன் டிரான்ஸ்ஃபர். பழைய கணக்கில் டொமைன் லாக்கை அணைக்க வேண்டும். lookup.icann.org-ல் clientTransferProhibited என்று காட்டினால் இன்னும் பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ‘ஆத் கோட்’ என்ற ரகசிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகான் விதி. அதைப் புது ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கட்டணத்தைக் கட்டினால் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளில் மாறிவிடும்.

‘காலாவதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கே, அது வீணாகாதா?’ என்ற சந்தேகம் பலருக்கும் வரும். வீணாகாது. .com டிரான்ஸ்ஃபர் கட்டணத்திலேயே ஒரு வருட ரினீவல் அடக்கம். பழைய காலாவதி தேதியுடன் ஒரு வருடம் கூடும். மார்ச் 20-ல் முடியும் பெயரை ஜனவரியில் மாற்றினாலும் புதிய தேதி அடுத்த வருட மார்ச் 20 தான்.

ஆனால் நேரம் தவறினால் இதே விதி உங்களுக்கு எதிராகத் திரும்பும். காலாவதியான பிறகு பழைய இடத்தில் ரினீவல் கட்டிவிட்டு, 45 நாட்களுக்குள் டிரான்ஸ்ஃபர் செய்தால், பழைய இடத்தில் கூடிய அந்த ஒரு வருடம் ரத்தாகிவிடலாம். இரண்டு இடத்திலும் காசு கொடுத்து, கையில் ஒரு வருடம்தான் நிற்கும். அதனால் ஒன்று, காலாவதிக்கு முன்பே மாறுங்கள். முடியவில்லையா, ரினீவல் செய்துவிட்டு 45 நாள் கழித்து மாறுங்கள்.

ஓடிபி இல்லாமல் எப்படிப் பணம் போனது?

முதல் முறை கார்டு கொடுக்கும்போதே ஆட்டோ ரினீவலுக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறோம். ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிப்படி, அப்படிப் பதிவான மேண்டேட்டில் ரூ.15,000 வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. நம் போட்டோகிராபரின் ரூ.12,962 அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த மெசேஜைப் பார்த்ததும் மறுக்கலாம். வங்கி ஆப்பிலோ யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியிலோ மேண்டேட்டை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

பணம் போன பிறகும் கதவு முழுசாக மூடிவிடுவதில்லை. அன்றே கம்பெனிக்கு எழுதி, ஹோஸ்டிங் ரினீவலுக்கு ரீஃபண்ட் கேளுங்கள். சிலர் குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் தருவார்கள். டொமைனுக்கு மட்டும் ரீஃபண்ட் கேட்பதில் எச்சரிக்கை தேவை. ரெஜிஸ்ட்ராருக்கு மொத்த விலை திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் அவர் அந்தப் பெயரையே நீக்க வேண்டும். ‘காசைத் திருப்பிக் கொடுங்க’ என்று கேட்டு, பெயரையே இழந்துவிடாதீர்கள்.

கேட்காமலே கார்ட்டில் பொருளைச் சேர்ப்பது, கட்டணத்தை மறைத்துக் கடைசியில் காட்டுவது, ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவது ஆகியவை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்டவை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதே நேரம், ரினீவல் விலை கூடுதல் என்பது மட்டுமே குற்றமாகாது. சின்ன எழுத்திலாவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்றும் கம்பெனி வாதிடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர்களுக்கு மட்டும் சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு.

கோபத்தில் கட்டாமலே விட்டுவிட்டால்?

டொமைன் விஷயத்தில் அது ஆபத்து. காலாவதியானதும் சைட்டும் மெயிலும் நின்றுவிடும். .com பெயருக்கு ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான ரினீவல் விலையில் மீட்க வாய்ப்பு இருக்கலாம். எல்லோரும் அவ்வளவு நாள் தருவதில்லை. இடையிலேயே ஏலத்துக்கு விடுபவர்களும் உண்டு. பதிவேட்டிலிருந்து நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது. ஆனால் அப்போது ரினீவலோடு தனி மீட்புக் கட்டணமும் சேரும். .com-க்கு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வெரிசைன் வாங்கும் மீட்புக் கட்டணமே 40 டாலர். உங்களிடம் அதைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். அதன்பின் ஐந்து நாள், பிறகு பெயர் பொதுவுக்கு வந்துவிடும். நல்ல பெயர் என்றால் அதைப் பிடிக்கவே காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் அடுத்த நொடியே எடுத்துக்கொள்ளும்.

எனவே ஹோஸ்டிங் பில்லோடு சண்டை போடலாம், தள்ளிப் போடலாம், விட்டுவிடக்கூடச் செய்யலாம். பேக்கப் கையில் இருந்தால் வேறு இடத்தில் அரை நாளில் சைட்டை எழுப்பிவிடலாம். டொமைனை மட்டும் அப்படி விடக்கூடாது. டிரான்ஸ்ஃபருக்கு நேரமில்லை என்றால் இந்த வருடம் கூடுதல் விலையே கொடுத்து, டொமைனை மட்டும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு, பிறகு நிதானமாக மாறுங்கள்.

கணக்கை மறுபடியும் போடுவோம்

நம் போட்டோகிராபர் 60 நாள் முன்பே விழித்திருந்தால்? ரூ.1,100-க்கு டொமைனை டிரான்ஸ்ஃபர் செய்கிறார். எல்லா வருடமும் ஒரே விலை வாங்கும் ஒரு ஹோஸ்டிங்கில், மாதம் ரூ.200 வீதம் வருடத்துக்கு ரூ.2,400. மெயில்பாக்ஸும் எஸ்எஸ்எல்லும் அதற்குள்ளேயே அடக்கம். மொத்தம் ரூ.3,500, ஜிஎஸ்டியோடு ரூ.4,130. மிச்சம் ரூ.8,832.

முதல் வருடத்தின் ரூ.2,345-க்கு இது இறங்காது. இறங்கவும் வேண்டியதில்லை. அந்த விலை ஒரு தூண்டில். ரூ.4,130 என்பது ஒரு சின்ன வெப்சைட்டை ஒரு வருடம் நடத்த ஆகும் நியாயமான செலவு, அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே தொகைதான் வரும். போன் காலண்டரைத் திறந்து, உங்கள் டொமைன் காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பாக ஒரு நினைவூட்டலைப் போட்டுவிடுங்கள். தேதி தெரியாது என்றால் lookup.icann.org-ல் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.